முதலில் அவர் உட்காருவதைப் பாருங்கள்

யோகமோ தியானமோ பழகத் தொடங்கிய நண்பருக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஜனவரி 4 முதல் 7 வரை புதுச்சேரியில் சர்வதேச யோகா திருவிழா நடக்கும்போது ஒருமுறை கேட்பார்கள். ஜூன் 21 வந்தால் மறுபடி கேட்பார்கள். வில்லியனூர் கடைத்தெருவிலும் இப்போது வண்ண வண்ண ரப்பர் பாய்கள் சுருட்டித் தொங்குகின்றன. கைப்பேசியில் பார்த்தால் பாய், கட்டை, பட்டை, பை, உடை, மணி எல்லாம் சேர்ந்த தொகுப்பு சில ஆயிரம் ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்குவது சுலபம். ஆனால் அப்படி வந்த பொருள்களில் பாதி, பரணில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். கடைக்குப் போகும் முன் நண்பர் வீட்டுக்குப் போங்கள். அவர் உட்காருவதைப் பாருங்கள். எந்த இடத்தில் அவருக்குத் தடை இருக்கிறதோ, அந்த ஒரு தடையை நீக்கும் பொருளைக் கொடுங்கள். பெரும்பாலும் அது விலை குறைந்த பொருளாகத்தான் இருக்கும்.

யோகத்துக்கு வேண்டிய சாமான்கள் எப்போதுமே கொஞ்சம்தான். பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் இருக்கையைப் பற்றிப் பேசும்போது தர்ப்பை, அதன் மேல் தோல், அதன் மேல் துணி என்று மூன்றை மட்டும் சொல்கிறது. இடம் சுத்தமாக இருக்க வேண்டும், இருக்கை மிக உயரமாகவும் மிகத் தாழ்வாகவும் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நம் புதுச்சேரியிலேயே தட்டாஞ்சாவடியில் கம்பளி சுவாமி மடம் இருக்கிறது. ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாழ்ந்த சித்தர் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர். அவருடைய உடைமை அவ்வளவுதான்.

இன்று யோகா என்றவுடன் நினைவுக்கு வரும் வழுக்காத பாய் மிகச் சமீபத்தில் வந்தது. ஜெர்மனியில் தரைக்கம்பளம் நழுவாமல் இருக்க அடியில் விரிக்கும் ஒட்டுவிரிப்பை யோகா பழகியவர்கள் வெட்டிப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அதற்கு வரவேற்பு கிடைத்த பிறகே அது தனிச் சரக்காயிற்று. பி.கே.எஸ். ஐயங்கார் உடம்பு வளையாதவர்களுக்கு உதவ நாற்காலி, செங்கல், கயிறு, போர்வை என்று வீட்டில் இருந்தவற்றையே எடுத்தார். இன்று கடையில் விற்கும் கட்டைக்கும் பட்டைக்கும் மூலம் அந்த வீட்டுச் சாமான்கள்தான்.

பாகூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தியானம் பழகத் தொடங்கினார். மகன் பாசத்தோடு வெளியூரிலிருந்து தடிமனான ஃபோம் பாய் ஒன்றை அனுப்பியிருந்தான். அதைப் போட்டு உட்கார்ந்தும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. “மனசு நிக்குதுண்ணே, முதுகுதான் நிக்க மாட்டேங்குது” என்றார். அவருடைய பிறந்தநாள் நெருங்கியது. என்ன கொடுக்கலாம் என்று யோசிக்கவே ஒரு விடியற்காலை அவர் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தவருடைய இரண்டு முழங்கால்களும் இடுப்பை விட உயரத்தில் நின்றன. நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்களுக்கு இடுப்பு மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிவிடும். தொடை வெளிப்பக்கம் விரிந்து தாழாது. முழங்கால் மேலே நின்றால் இடுப்பெலும்பு பின்னால் சாயும். அது சாய்ந்தால் கீழ்முதுகு வில்லாக வெளியே வளையும். மார்பு குழியும், மூச்சு வயிற்றுக்கு இறங்காது. பிறகு முதுகுத் தசைகள் உடம்பைப் பிடித்து நிறுத்தவே எல்லா வலுவையும் செலவழிக்கும். இதில் மனவுறுதிக்குக் குறையில்லை, உட்காரும் உயரம்தான் தவறு. தரையோடு தரையாக விரிக்கும் பாய் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதைச் சரி செய்யாது. ஃபோம் அமுங்க அமுங்க இன்னும் தடுமாற்றம்தான்.

அவர் வீட்டில் இருந்த குளியல் துண்டுகளை எடுத்தேன். ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, அவருடைய பிட்டத்துக்கு அடியில் மட்டும் வைத்தேன். காலுக்கு அடியில் எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு துண்டு ஏறும்போதும் முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒரு கட்டத்தில் இரண்டு முழங்கால்களும் இடுப்பெலும்பை விடத் தாழ்ந்து பாயைத் தொட்டன. முதுகு தானாக நிமிர்ந்தது, யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழ்முதுகில் என் கையை வைத்துப் பார்த்தேன். அங்கே உள்பக்கமாக ஒரு மெல்லிய குழி இருந்தால் உயரம் சரி. முதுகெலும்பு கையை வெளியே தள்ளினால் இன்னும் உயர்த்த வேண்டும். குழி ஆழமாகி எடை முழுவதும் முழங்காலில் இறங்கினால் உயரம் கூடிப்போயிற்று என்று பொருள். துண்டுகளின் மேல் அவர் உட்கார்ந்திருந்தபோதே பக்கவாட்டில் ஸ்கேலை வைத்து அளந்தேன். ஐந்து அங்குலம் வந்தது. அவருக்கு வேண்டிய பரிசு அந்த ஐந்து அங்குலம்தான்.

துண்டுகளை அடுக்கியே காலம் தள்ளலாமே என்று கேட்கலாம். தாராளமாகத் தள்ளலாம், காசில்லாத வழி அது. ஆனால் துண்டு தினமும் சரியும், கலையும். குளிக்க வீட்டில் யாராவது எடுத்துப் போவார்கள். நாள்தோறும் ஒரே உயரத்தில் ஒரே இடத்தில் உட்கார ஒரு திண்டு இருந்தால் நல்லது. அதை இலவம் பஞ்சில் தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

ஜப்பானில் ஜென் துறவிகள் தியானத்துக்கு உட்காரும் ‘ஜாஃபு’ என்ற வட்டத் திண்டை இன்று இணையத்தில் பெரிய விலைக்கு விற்கிறார்கள். மரபாக அதற்குள் அடைக்கும் பொருள்களில் ஒன்று நம் இலவம் பஞ்சுதான். நமக்கு அது தேனி மாவட்டத்துப் போடி பக்கமிருந்து வருகிறது. மெத்தை தைப்பவர்கள் எல்லா ஊரிலும் வைத்திருப்பார்கள். இலவம் இழை உள்ளே வெற்றாக, காற்று நிறைந்து இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு இருக்கும். அதனால் எடையில்லை, வியர்வையை உறிஞ்சி நாறுவதில்லை. உட்கார்ந்தால் உடம்பின் வடிவத்துக்குப் படியும், ஆனால் ஃபோம் போல மூழ்காது.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலவம் என்று சொல்லி மில்லின் கழிவுப் பஞ்சைக் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. ஒரு பிடி பஞ்சை எடுத்து ஒரு சொம்புத் தண்ணீரில் போடுங்கள். நல்ல இலவம் நனையாமல் மேலேயே மிதக்கும். உயிர்காக்கும் மிதவை உடைகளில் ஒரு காலத்தில் இதைத்தான் அடைத்தார்கள். பருத்திப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கீழே போகத் தொடங்கும். விதை நீக்கியதா என்பதையும் கையால் பிசைந்து பாருங்கள். விதை இருந்தால் அரைமணி நேரம் உட்காருபவருக்குக் கூழாங்கல்லில் உட்கார்ந்த மாதிரி உறுத்தும்.

மெத்தை தைப்பவரிடம் நான் சொன்ன அளவு இதுதான். வட்டம், குறுக்களவு பதினான்கு அங்குலம். உயரம் ஏழு அங்குலம். நண்பருக்கு வேண்டியது ஐந்துதான், ஆனால் புதுத் திண்டில் எழுபது கிலோ மனிதர் உட்கார்ந்தால் உடனே அமுங்கும், சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் படியும். அதற்காகத்தான் இரண்டு அங்குலம் கூட்டினேன். உள்ளுறை தடிமனான காடா துணியில். பக்கவாட்டில் சுருக்கு வைத்துத் தைத்தால் வட்டம் கோணாது. பஞ்சை இறுக்கி அடைக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு கிலோ பிடிக்கும். ஓரிடத்தில் தையல் போடாமல் நாடா வைத்துக் கட்டும் வாய் விட வேண்டும், பிறகு பஞ்சைக் கூட்டவும் குறைக்கவும் அது வேண்டும். மேலுறை தனியாக, கழற்றித் துவைக்கும்படி. உள்ளே இருக்கும் பஞ்சைத் துவைக்கக் கூடாது, கட்டி பிடித்துவிடும். மாதம் ஒருமுறை இளவெயிலில் வைத்துக் கையால் தட்டி உதறினால் மறுபடி எழும்பும்.

திண்டைக் கொடுத்தபோது உட்காரும் முறையையும் சேர்த்துக் கொடுத்தேன். நடுவில் ஏறி உட்காரக் கூடாது. முன்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் உட்கார வேண்டும். அப்போதுதான் திண்டு சற்றே முன்னால் சரிந்து இடுப்பை முன் சாய்க்கும். முழுதாக ஏறி உட்கார்ந்தால் திண்டின் விளிம்பு தொடைக்கு அடியில் நரம்பை அழுத்தும், கால் மரத்துப் போகும். அவருக்கு இடது முழங்கால் கொஞ்சம் அந்தரத்தில் நின்றது. அதற்கு அடியில் ஒரு சின்னத் துண்டை மடித்து வைத்தோம். இப்போது அரைமணி நேரம் தடங்கலில்லாமல் உட்காருகிறார். கால் மரத்தால் காலை மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறேன். எழுந்த பிறகும் மரப்பு நீங்காவிட்டாலோ, முழங்காலுக்குள் குத்துவது போல வலித்தாலோ சம்மணத்தையே விட்டுவிட வேண்டும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவருக்கோ, மூட்டு தேய்ந்தவருக்கோ திண்டு வேண்டாம். கைப்பிடி இல்லாத நேரான மர நாற்காலி ஒன்றும், பாதம் பதிய ஒரு மணைப் பலகையும் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் தியானம் ஒரு குறைவும் இல்லாத தியானம்.

பாய் விஷயத்துக்கு வருகிறேன். தியானத்துக்கு மட்டும் என்றால் கோரைப்பாயும் அதன் மேல் ஒரு பருத்தி ஜமக்காளமும் போதும். கோரை நீர்நிலை ஓரத்தில் வளரும் புல். அதில் நெய்த பாய் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியையும் ஈரத்தையும் தடுக்கும், நம் கோடையின் வியர்வையிலும் உடம்பில் ஒட்டாது. பத்தமடைப் பாய் மெல்லியதாகவும் அழகாகவும் இருக்கும். ஆனால் தினப்பழக்கத்துக்கு சாதாரணக் கோரைப்பாயே போதும். ஓரத்தில் துணி வைத்துத் தைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இல்லையென்றால் ஓரம் பிரிந்து தொடையைக் கீறும். பாயைச் சுருட்டத்தான் வேண்டும், மடித்தால் கோரை உடையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சுவரோரம் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கொடுங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்த வேண்டும், கடும் வெயிலில் போட்டால் கோரை மொரமொரவென்று ஆகிவிடும்.

நின்று செய்யும் ஆசனங்களுக்குக் கோரைப்பாய் ஆகாது. வழவழப்பான தரையில் பாய் நகரும், கால் அகட்டி நிற்கும்போது சறுக்கும். இதற்கு நம் வீட்டுச் சிமெண்டுத் தரையே சிறந்தது. வெறுங்காலோடு தரையில் நின்றால் பாதம் தரையை நன்றாகப் பிடிக்கும். உள்ளங்கை, உள்ளங்கால் அதிகம் வியர்க்கும் நண்பருக்கும், மொட்டை மாடியில் பழகுபவருக்கும், வழவழப்பான டைல்ஸ் போட்ட வீட்டில் இருப்பவருக்கும் ரப்பர் பாய் உண்மையில் உதவும். அவர்களுக்கு அதைக் கொடுப்பதில் தவறில்லை. நான்கு முதல் ஆறு மில்லிமீட்டர் தடிமன் போதும். பத்து மில்லிமீட்டருக்கு மேல் போனால் ஒற்றைக் காலில் நிற்கும்போது கணுக்கால் ஆடும். மலிவான பி.வி.சி. பாய் நம் வெயிலில் ஒன்றிரண்டு வருடத்தில் உதிரத் தொடங்கும். கிராமத்தில் அது கடைசியில் குப்பையோடு சேர்ந்து எரியும். எரியும் பி.வி.சி.யிலிருந்து வரும் புகை மூச்சுக் குழாயைப் புண்ணாக்கும் நச்சு. மூச்சுப் பயிற்சி செய்பவருக்குக் கொடுத்த பொருள் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூச்சைக் கெடுப்பது நியாயமில்லை.

மூன்றாவதாக நான் மனதாரச் சொல்லும் பரிசு ஓர் அகல் விளக்கு. வில்லியனூர் சுடுமண் கைவேலை புவிசார் குறியீடு பெற்றது. நம் மண்ணையே நண்பருக்குக் கொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. ஆனால் விளக்கைப் பார்த்துச் செய்யும் திராடகம் பழகுகிறவரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அப்படியானால் அகலோடு, உட்கார்ந்தால் சுடர் கண் மட்டத்துக்கு வரும்படி ஒரு மரப் பீடமும் கொடுக்க வேண்டும். சுடர் தாழ இருந்தால் கழுத்து குனியும், திண்டில் நிமிர்ந்த முதுகு மறுபடி வளைந்துவிடும். விளக்குக்கும் கண்ணுக்கும் இடையில் இரண்டு மூன்று அடி இருக்கட்டும். புது அகலைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகு எண்ணெய் விட்டால் மண் எண்ணெயைக் குடிக்காது. நல்லெண்ணெயும் பருத்தித் திரியும் போதும். திரி நீளமாக வெளியே நின்றால் சுடர் ஆடும், கரி படியும். கண் அழுத்த நோய், வலிப்பு உள்ளவர்களுக்கும், கண் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் திராடகம் ஆகாது. அவர்களுக்கு இந்தப் பரிசு வேண்டாம். எரியும் விளக்கைத் திண்டின் பக்கத்தில் வைக்கவே கூடாது. இலவம் பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும்.

கொடுக்காமல் இருப்பதே நல்லது என்று நான் நினைப்பவை இரண்டு. ஒன்று, வாசனை ஊதுவத்தி. கதவு சாத்திய சின்ன அறையில் பிராணாயாமம் செய்பவர் அந்தப் புகையை ஆழமாக இழுத்து உள்ளே அடக்குகிறார். ஆஸ்துமா உள்ளவரை அது நேராகத் தாக்கும். இன்னொன்று, மூக்குக் கழுவும் நேதிக் குவளை. பழகிய ஆசிரியரிடம் கற்றவர் கேட்டால் ஒழிய அதைக் கொடுக்காதீர்கள். கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரைத்தான் மூக்கில் விட வேண்டும். கிணற்று நீரையோ குளத்து நீரையோ அப்படியே விட்டால் மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியே நுழையலாம். அது அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். எச்சரிக்கை சொல்லாமல் கொடுக்கக் கூடிய பொருள் அல்ல அது.

பொருளோடு நின்றுவிடவும் வேண்டாம். பாகூருக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. அங்கே கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. படிப்பவர்களுக்குப் பொன்னும் பட்டும் கொடுக்கவில்லை. படிப்பு நிற்காமல் நடக்க ஊர்களின் வருவாயைக் கொடுத்தார்கள். பழகுபவருக்குக் கொடுப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும், அவருடைய பழக்கம் நிற்காமல் நடக்க வழி செய்ய வேண்டும். திண்டு கொடுத்தவர் வருடம் ஒருமுறை போய்ப் பஞ்சைக் கொஞ்சம் கூட்டி அடைத்துக் கொடுக்கலாம். பழைய மேலுறைக்குப் பதில் புதிதாக ஒன்று தைத்துத் தரலாம். பாய் ஓரம் பிரிந்தால் துணி வைத்துத் தைத்துக் கொடுக்கலாம். இவையெல்லாம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

எல்லாவற்றையும் விட மலிவான பரிசு ஒன்று இருக்கிறது. நண்பர் உட்காரும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அந்த நேரத்தில் அவரைக் கைப்பேசியில் அழைக்காமல் இருப்பது. பாகூர் நண்பரின் மனைவி ஒருநாள் என்னிடம், “நீங்க கொடுத்த திண்ட விட, காலையில அஞ்சு மணிக்கு நீங்க போன் பண்றத நிறுத்துனதுதாண்ணே அவருக்கு உதவி” என்றார். அவர் சொன்னது உண்மை.

எனவே அடுத்த முறை பரிசு வாங்கக் கடைக்கு இறங்கும் முன், நண்பர் வீட்டில் அரைமணி நேரம் அவரோடு உட்காருங்கள். நான்கு துண்டுகளும் ஒரு ஸ்கேலும் எடுத்துப் போங்கள். முழங்கால் எங்கே நிற்கிறது, முதுகு எப்படி வளைகிறது, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். என்ன வாங்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.